ஹாம்பர்க்கிலிருந்து ஐந்து கேள்விகள்

திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஆடை பிராண்டு ஒன்றுக்கு அறிமுக மின்னஞ்சலும் சாம்பிள் சட்டைகளும் போயிருக்கின்றன. மார்ச் 10ஆம் தேதி பதில் வருகிறது. ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“நன்றி. உங்கள் 180 ஜி.எஸ்.எம். டி-ஷர்ட் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. 1,000 சட்டைக்கும் 3,000 சட்டைக்கும் என்ன விலை, கழுத்து லேபிளும் பேக்கிங்கும் அதில் அடக்கமா? நான்கு நிறங்கள் யோசிக்கிறோம்; ஒரு நிறத்துக்குக் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்? ஆர்கானிக் பருத்தியில், ஜி.ஓ.டி.எஸ். சான்றோடு தர முடியுமா? ஆகஸ்ட் 15க்குள் சரக்கு எங்கள் கிடங்கில் இருக்க வேண்டும், முடியுமா? சரக்கு வந்து 30 நாள் கழித்துப் பணம் தருவது எங்கள் வழக்கம், சம்மதமா?”

இது விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட மாதிரிக் கடிதம். ஆனால் விலை, குறைந்தபட்ச அளவு, சான்று, தேதி, பணம் என்ற இந்த ஐந்தும் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். புதிய பையர் கேட்பவை பெரும்பாலும் இவைதான். எண் போடாமல் ஒரே பத்தியில் கொட்டியிருப்பதும் வழக்கம்தான்.

இதற்குப் பதில் எழுத உட்காரும் மெர்ச்சண்டைசருக்கு முன்னால் இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன, இரண்டும் கெட்ட வழிகள். முதல் வழி, தெரிந்த மூன்றுக்கு எழுதிவிட்டு மற்றதை விடுவது. “பேமென்ட்டை அப்புறம் பேசிக்கலாம்னு போட்டுடும்மா” என்று முதலாளி சொன்னால் இது நடக்கும். இரண்டாவது வழி, எல்லாவற்றையும் எழுதுவது: நிறுவனம் எப்போது தொடங்கியது, எத்தனை தையல் மெஷின், நூல் விலை ஏன் ஏறியது, சாய ஆலையில் குறைந்த அளவு ஏன் முடியாது, முன்பு ஒரு பையருக்குக் கடன் கொடுத்து என்ன ஆனது. எண்ணூறு வார்த்தை வரும். அதில் பையர் கேட்ட ஐந்தும் இருக்கும். ஆனால் அவர் தேடித்தான் எடுக்க வேண்டும்.

அவர் தேட மாட்டார் என்பதுதான் சிக்கல். அவர் இதே கேள்விகளைத் திருப்பூரிலேயே இன்னும் இரண்டு பேரிடமும், போர்ச்சுகலிலோ துருக்கியிலோ வங்கதேசத்திலோ ஒருவரிடமும் கேட்டிருக்கக்கூடும். வரும் பதில்களை ஒரு எக்செல் தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் போட்டுப் பார்ப்பார். கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே இருக்கும். அதோடு, கேட்டவர் ஒருவராக இருந்தாலும் படிப்பவர்கள் பலர். விலையை வாங்கும் பிரிவு பார்க்கும், சான்றைத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு பார்க்கும், ஐந்தாவது பதிலைக் கணக்குப் பிரிவு பார்க்கும். மின்னஞ்சல் அப்படியே அவர்களுக்கு அனுப்பப்படும். கணக்குப் பிரிவில் இருப்பவர் தையல் மெஷின்களின் எண்ணிக்கையைத் தாண்டி வந்து தன் வரியைக் கண்டுபிடிப்பார் என்று நம்புவது கொஞ்சம் அதிகம்.

ஆகவே முதல் வேலை எழுதுவது அல்ல, எண்ணுவது. வந்த பத்தியைக் கேள்விகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும். பையர் எண் போடாவிட்டாலும் பதிலில் எண் இருக்க வேண்டும். வரிசை அவருடையதாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ‘விலை’, ‘ஒரு நிறத்துக்குக் குறைந்த அளவு’ என்று இரண்டு மூன்று சொல்லில் கேள்வியை நினைவூட்டினால் போதும். அவர் எழுதியதை முழுதாகத் திருப்பி ஒட்டத் தேவையில்லை. 1995இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பே, பதில் எழுதும்போது எதற்குப் பதில் சொல்கிறோம் என்று புரியும் அளவுக்கு மட்டும் பழைய மடலை மேற்கோள் காட்டினால் போதும் என்றுதான் சொல்கிறது.

எண்ணும்போது இன்னொன்றும் தெரியவரும். முதல் கேள்வி ஒன்றல்ல, மூன்று: இரண்டு அளவுக்கு இரண்டு விலை, பிறகு லேபிளும் பேக்கிங்கும் அடக்கமா என்பது. கேள்வி ஐந்து என்று நினைத்து எழுதினால் இந்த மூன்றாவது துண்டுதான் விடுபடும். சின்னதாகக் கேட்கப்பட்டது என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. ஒரு சட்டைக்கு லேபிளும் பாலித்தீன் பையும் சேர்ந்து ஆகும் சில ரூபாய்கள், 3,000 சட்டைக்குக் கணக்கில் நன்றாகத் தெரியும் தொகை.

இனி ஒவ்வொரு பதிலாகத் தயாரிக்கலாம். எழுதும் வரிசை பையருடையது என்றாலும், யோசிக்கும் வரிசை வேறு. விலையில் தொடங்கினால் இந்தக் கடிதத்தில் நிச்சயம் தடுமாற்றம் வரும். ஏனென்றால் விலை, மூன்றாவது கேள்வியான ஆர்கானிக்கைப் பொறுத்தது. பையர் ஆர்கானிக் வேண்டும் என்று முடிவாகச் சொல்லவில்லை, ‘முடியுமா’ என்றுதான் கேட்கிறார். அதனால் முதல் பதிலில் இரண்டு விலைகளையும் கொடுத்துவிட வேண்டும். “ஆர்கானிக் விலைக்குக் கீழே 3ஐப் பார்க்கவும்” என்று எழுதினால், எக்செல் தாளின் விலைக் கட்டத்தை நிரப்புபவர் மேலும் கீழும் அலைவார்.

இரண்டாவது கேள்வியில்தான் கட்டுரை எழுதும் ஆசை மிகுதியாக வரும், ஏனென்றால் சொல்ல விஷயம் இருக்கிறது. 180 ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம் என்பது. நடுத்தர அளவு டி-ஷர்ட் ஒன்றுக்கு, வெட்டும்போது விழும் துண்டையும் சேர்த்து, சுமார் 220 கிராம் துணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 சட்டையை நான்கு நிறமாகப் பிரித்தால் நிறத்துக்கு 250. அதாவது 55 கிலோ துணி. சாய ஆலையின் மெஷின் 110 கிலோ கொள்ளளவு கொண்டதாக இருந்தால், 55 கிலோ போட்டாலும் தண்ணீர், ஆவி, ஆள் கூலி எல்லாம் ஏறக்குறைய முழு லாட்டுக்கு ஆவதுதான். நிறத்துக்கு 500 சட்டை என்றால் 110 கிலோ. ஒரு லாட்டுக்குக் கணக்கு ஒத்துவரும். இவ்வளவும் மெர்ச்சண்டைசருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பையருக்குப் போக வேண்டியது இதில் ஒரே ஒரு வரி: “நிறத்துக்கு 500, அது ஒரு சாய லாட்.” காரணம் இரண்டு சொல்லில் வந்துவிட்டது. காரணமே இல்லாமல் 500 என்றால் பேரம் பேசச் சொன்ன எண் போலத் தெரியும். காரணத்தை ஒரு பத்திக்கு விரித்தாலோ, மன்னிப்புக் கேட்பது போலத் தெரியும்.

ஆனால் அந்த வரியோடு நிறுத்தினால் பையரின் நான்கு நிறத் திட்டத்துக்கு அது வெறும் மறுப்பு. அவருக்குத் தேவைப்படுவது, அவருடைய எண்ணிக்கையில் என்ன செய்யலாம் என்பது. 1,000 சட்டை என்றால் இரண்டு நிறம். நான்கு நிறம் வேண்டுமானால் 2,000 சட்டை. இந்த வரி அவர் கேட்டிராத ஒன்றுதான், ஆனாலும் பதிலுக்குள் அடங்கியது. கேட்காததைச் சேர்க்கலாமா என்று தயங்கினால் ஒரு சோதனை இருக்கிறது: அந்த வரி இல்லாவிட்டால் பையர் அடுத்த மின்னஞ்சலில் அதையே கேட்பாரா? கேட்பார் என்றால் சேர்க்கலாம். நிறுவனம் தொடங்கிய ஆண்டை அவர் கேட்கப்போவதில்லை.

சான்று பற்றிய மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று மட்டும் எழுதுவது ஆபத்து. ஜி.ஓ.டி.எஸ். என்பது இயற்கை வேளாண் இழைகளில் செய்த துணிகளுக்கான உலகத் தரச் சான்று. அதில் இரண்டு வகைத் தாள்கள் உண்டு. ஸ்கோப் சான்றிதழ், இந்த நிறுவனம் இந்த வகைப் பொருளைச் செய்யத் தகுதி பெற்றது என்று சொல்கிறது. டிரான்சாக்ஷன் சான்றிதழ், குறிப்பிட்ட இந்தச் சரக்கு உண்மையிலேயே சான்று பெற்றது என்று சொல்கிறது. ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் அது தனியாக வாங்கப்படும். நூற்பாலை, நிட்டிங், சாய ஆலை, தையல் என்று சங்கிலி முழுவதும் சான்று பெற்றதாக இருந்தால்தான் அது கிடைக்கும். ஜி.ஓ.டி.எஸ். முத்திரையுள்ள லேபிளையும் சான்றளிக்கும் நிறுவனம் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பையரின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு இதெல்லாம் தெரியும். அவர்கள் பார்ப்பது, எழுதியவருக்கு இந்த வித்தியாசம் தெரிகிறதா என்பதைத்தான். ஆகவே பதில்: ஆம், ஸ்கோப் சான்றிதழ் இணைப்பில், டிரான்சாக்ஷன் சான்றிதழ் சரக்கோடு. லேபிள் ஒப்புதல் எப்படி வாங்குவது என்பதெல்லாம் ஆர்டர் வந்த பிறகு பேச வேண்டியது. இணைப்பு என்ற ஒன்று இருப்பதே, நீளமானதை மின்னஞ்சலுக்கு வெளியே வைக்கத்தான்.

நான்காவது கேள்வி வெளியே தெரிவதைவிடப் பெரியது. “முடியுமா” என்பதற்கு “தாராளமாக, எங்கள் லீட் டைம் 60 நாள்” என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அறுபது நாள் எந்த நாளிலிருந்து என்று சொல்லாததால் பின்னால் வரும் சண்டைகள் ஏராளம். பையர் தான் ஆர்டர் அனுப்பிய நாளிலிருந்து எண்ணுவார். தொழிற்சாலை, நிறத்துக்கும் கடைசி சாம்பிளுக்கும் ஒப்புதல் வந்த நாளிலிருந்து எண்ணும். நடுவே மூன்று வாரம் காணாமல் போகும். தேதியைப் பின்னாலிருந்து எண்ணினால் இந்தக் குழப்பம் வராது.

ஆகஸ்ட் 15 ஹாம்பர்க் கிடங்கு. கடல் பயணத்துக்கும் அங்கே சுங்கம் தாண்டி லாரி ஏற்றுவதற்கும் 45 நாள் வைத்தால், ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கியபின், பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. இரண்டு வாரம் வரை கூடுதலாக ஆனது. அதனால் இந்த 45ஐக் குறைத்துப் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. ஜூலை 1இலிருந்து உற்பத்திக்கு 60 நாள் பின்னால் போனால் மே 2. அதற்கு முன் லேப் டிப் எனப்படும் நிற மாதிரி, அளவு சாம்பிள், அவற்றுக்கு ஒப்புதல் எல்லாவற்றுக்கும் சுமார் மூன்று வாரம். ஏப்ரல் 10க்கு வந்து நிற்கிறோம்.

பையருக்குப் போக வேண்டிய பதில் இந்தக் கணக்கின் இரண்டு முனைகள் மட்டும்தான்: ஆகஸ்ட் 15 முடியும், ஏப்ரல் 10க்குள் ஆர்டர் உறுதியானால். சாம்பிளுக்கு மே 2க்குள் அவர் ஒப்புதல் தர வேண்டும் என்பதையும் சேர்க்கலாம், அது அவர் கையில் இருக்கும் தேதி என்பதால். நிபந்தனை ஒன்றிரண்டுக்கு மேல் போனால் ‘முடியும்’ என்ற சொல்லே கரைந்துபோகும்.

இதில் விலையோடு மோதும் ஒரு இடம் இருக்கிறது. தமிழகத்து நூற்பாலைகள் பொதுவாக மாதத் தொடக்கத்தில் நூல் விலையை மாற்றும். அதனால் விலைப் பதிலின் கீழே ‘மார்ச் 31 வரை’ என்று போடுவது பல மெர்ச்சண்டைசர்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் நான்காவது பதில் ஏப்ரல் 10 வரை அவகாசம் கொடுக்கிறது. கவனமான பையர் உடனே கேட்பார்: ஏப்ரல் 5இல் உறுதி செய்தால் எந்த விலை? ஒவ்வொரு பதிலும் தனியாகச் சரியாக இருந்து, சேர்த்துப் பார்த்தால் ஒன்றையொன்று மறுப்பது ஐந்து கேள்வி மின்னஞ்சல்களில் மட்டும் வரும் தவறு. அனுப்புவதற்கு முன் எண்களை மட்டும் ஒருமுறை தனியாகப் படித்தால் இது பிடிபட்டுவிடும். பத்து நாள் நூல் விலை ஏற்றத்தைத் தாங்க முடியுமா என்பதை முதலாளியிடம் கேட்டு, முடியும் என்றால் விலையும் ஏப்ரல் 10 வரை என்று போட வேண்டும்.

இன்னொரு மோதலும் உண்டு, கேள்வியில் ஒளிந்திருப்பது. பையர் “எங்கள் கிடங்கில்” என்கிறார். திருப்பூர் கொடுக்கும் விலை வழக்கமாக எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. சர்வதேச வணிகச் சபை வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் விதிகளின்படி, சரக்கு கப்பலில் ஏறும் வரையிலான செலவுதான் அதில் விற்பவருடையது. கப்பல் கட்டணமும் ஜெர்மன் சுங்க வரியும் வாங்குபவருக்கு. புதிய பையர் கொடுத்த விலையைக் கிடங்கு வரையிலான விலை என்று எடுத்துக்கொண்டால், பின்னால் மனக்கசப்புதான். அதற்கு ஒரு பத்தி வேண்டாம். விலைக்குப் பக்கத்தில் அரை வரி போதும்.

ஐந்தாவது, எல்லோரும் தள்ளிப்போட விரும்பும் கேள்வி. முதல் ஆர்டருக்கே, சரக்கு சேர்ந்து 30 நாள் கழித்துப் பணம் என்றால், நூல் வாங்கும் நாளிலிருந்து பணம் வரும் நாள் வரை நான்கு மாதத்துக்கும் மேல் நிறுவனத்தின் சொந்தப் பணம் முடங்கும். பையரை முன்பின் தெரியாது. எனவே பதில் ‘இல்லை’. அந்தச் சொல்லை எழுதத் தயங்கித்தான் “நம் உறவு வளர வளர” என்று தொடங்கும் பத்திகள் பிறக்கின்றன. நல்ல மறுப்பு மூன்று துண்டுகளால் ஆனது: இப்போது முடியாது, இப்போது முடிவது இது, எப்போது மாறும் என்பது இது. முடிவது, 30 சதவீதம் முன்பணமும் மீதி 70 சதவீதம் பில் ஆஃப் லேடிங் நகல் அனுப்பியவுடனும். அல்லது வங்கி வழியாக சைட் எல்.சி. மாறுவது, கடன் காப்பீட்டு வரம்பு கிடைத்தால். மத்திய அரசின் இ.சி.ஜி.சி. நிறுவனம் ஏற்றுமதியாளருக்கு இந்தக் காப்பீட்டைத் தருகிறது. பையரின் நிதி நிலையை விசாரித்துத்தான் வரம்பு தரும். அதனால் “இரண்டாவது ஆர்டரிலிருந்து பரிசீலிக்கலாம்” என்பது வெறும் மரியாதைச் சொல்லாக இல்லாமல், பின்னால் ஒரு நடைமுறையோடு நிற்கிறது.

எல்லாம் சேர்ந்து போகும் பதில் இப்படி அமையும். விலைகள் மாதிரிக்காகப் போட்டவை.

“உங்கள் ஐந்து கேள்விகளுக்கு, நீங்கள் கேட்ட வரிசையிலேயே:

1. விலை: 1,000 சட்டைக்கு 3.20 டாலர், 3,000 சட்டைக்கு 2.85 டாலர். ஆர்கானிக் என்றால் ஒவ்வொன்றிலும் 0.50 டாலர் கூடும். கழுத்து லேபிள், பேக்கிங் அடக்கம். எஃப்.ஓ.பி. தூத்துக்குடி; கப்பல் கட்டணமும் இறக்குமதி வரியும் இதில் இல்லை. ஏப்ரல் 10 வரை செல்லும்.

2. குறைந்த அளவு: நிறத்துக்கு 500, அது ஒரு சாய லாட். 1,000 சட்டை என்றால் இரண்டு நிறம், 2,000 என்றால் நான்கு.

3. ஜி.ஓ.டி.எஸ்.: ஆம். ஸ்கோப் சான்றிதழை இணைத்திருக்கிறேன். டிரான்சாக்ஷன் சான்றிதழ் சரக்கோடு வரும்.

4. ஆகஸ்ட் 15: முடியும், ஏப்ரல் 10க்குள் ஆர்டர் உறுதியாகி, மே 2க்குள் சாம்பிளுக்கு உங்கள் ஒப்புதல் கிடைத்தால்.

5. பணம்: முதல் ஆர்டருக்கு 30 நாள் கடன் தர முடியாது. 30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் நகலுக்கு. அல்லது சைட் எல்.சி. கடன் காப்பீடு கிடைத்தால் இரண்டாவது ஆர்டரிலிருந்து பரிசீலிக்கலாம்.

ஆர்கானிக்கா, சாதாரணப் பருத்தியா என்று சொன்னால் லேப் டிப் வேலையைத் தொடங்கிவிடுகிறேன்.”

தமிழில் நூறு சொல்லைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆங்கிலத்தில் சற்றுக் கூடும். கைபேசித் திரையில் இரண்டு தள்ளலில் முடிந்துவிடும். கடைசியில் பையரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. ஐந்துக்குப் பதிலாக ஐந்து திருப்பிக் கேட்டால், அவருடைய மேசையில் அந்த மின்னஞ்சல் பிறகு பார்க்க வேண்டியவற்றின் குவியலுக்குப் போகும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்றால், எது தெரியாமல் அடுத்த வேலை தொடங்காதோ அதை.

எல்லாப் பதிலும் கையில் இல்லாத நாளும் வரும். சாய ஆலைக்காரர் போனை எடுக்கவில்லை, கணக்காளர் வெளியூரில் இருக்கிறார். அப்போது ஐந்தும் சேரட்டும் என்று நான்கு நாள் காத்திருப்பதைவிட, நான்கை எழுதி ஐந்தாவது எண்ணுக்கு எதிரே “வியாழன் மாலைக்குள் எழுதுகிறேன்” என்று போடுவது மேல். எண் காலியாக விடப்படவில்லை என்பதே முக்கியம். மார்ச்சில் ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும், மாதக் கடைசியில் கடிகாரத்தை மாற்றியபின் மூன்றரை மணி. கடிகாரம் மாறும் முன் பகல் ஒன்றரை மணிக்குள் திருப்பூரிலிருந்து கிளம்பினால், அவர் காலை 9 மணிக்கு அலுவலகம் வரும்போது மின்னஞ்சல் காத்திருக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஐந்தில் மூன்று பதில்கள் “அது நீங்கள் தரும் விவரத்தைப் பொறுத்தது” என்று வந்தால், வரிசை எண் போட்டு எழுதியும் பயனில்லை. அது அரைமணி நேர வீடியோ அழைப்பில் தீர வேண்டிய விஷயம். ஆனால் எளிதாகச் சொல்லக்கூடிய விலையைக் கூடச் சொல்லாமல் “ஒரு கால் பேசலாமா” என்று எழுதினால், பையர் அதை மழுப்பலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

பதில் வேலை செய்ததா என்பது அடுத்த மின்னஞ்சலில் தெரிந்துவிடும். பையர் ஒரு கேள்வியைத் திரும்பவும் கேட்டால், அவருக்கு மறதி என்று நினைக்கக் கூடாது. பதில் வரியின் நடுவில் புதைந்திருக்கும், அல்லது எழுதியது பதிலாகவே இருந்திருக்காது. மாறாக “1, 3, 4 சரி. 2: ஒரு நிறத்துக்கு 400 முடியுமா? 5: எல்.சி. பார்க்கிறோம். ஆர்கானிக்” என்று ஒன்றரை வரியில் எழுதினால், அவர் உங்கள் எண்களையே தன் மொழியாக எடுத்துக்கொண்டுவிட்டார். இதற்கான பதில் இரண்டாவது எண்ணோடு மட்டும் போக வேண்டும். 400 என்றால் 88 கிலோ. 110 கிலோ மெஷினில் அவ்வளவு மோசம் இல்லை. சாய ஆலை கேட்கும் கூடுதல் கூலியைச் சட்டைக்கு எத்தனை சென்ட் என்று கணக்குப் போட்டு, அந்த ஒரு எண்ணை எழுதினால் போதும். அதற்கும் அவர் சரி என்றால், புரோஃபார்மா இன்வாய்ஸின் விலை, அளவு, சான்று, தேதி, பணம் என்ற கட்டங்களை நிரப்ப எழுத வேண்டியதெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.